அத்தையின் படத்தோடு போலிக் கணக்கு: புகார்க் கடிதத்தில் யார் கையெழுத்து, என்ன சான்று?

*மேடம், வணக்கம். நான் சேலம் அம்மாப்பேட்டை. எங்க அத்தை ஏற்காடு நாகலூர்ல இருக்காங்க, வயசு 61. அவங்களுக்கு எந்தச் சமூக வலைதளத்திலயும் கணக்கு கிடையாது. நான் என் பக்கத்துல போட்ட படங்களை எடுத்து யாரோ அத்தை பேர்ல கணக்கு தொடங்கி, "ஆஸ்பத்திரியில இருக்கேன், அவசரம்"னு சொந்தக்காரங்ககிட்ட பணம் கேக்குறாங்க. ஆத்தூர் சித்தப்பா நேத்து 4,000 ரூபாய் அனுப்பிட்டாரு. நாங்க பதினேழு பேர் ரிப்போர்ட் அடிச்சோம். "விதிமீறல் எதுவும் இல்லை"ன்னு பதில் வந்துச்சு. பயந்துபோய் என் படங்களை எல்லாம் அழிச்சுட்டேன். சப்போர்ட் டீமுக்கு என்ன எழுதணும்? நான் எழுதினா செல்லுமா, அத்தைதான் எழுதணுமா?*

*— வாசகி, சேலம்*

முதலில் சித்தப்பாவின் பணம். இதை முழுக்கப் படிக்கும் முன்பே அவரை 1930 என்ற எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். அவர் கணக்கிலிருந்துதானே பணம் போயிருக்கிறது, அதனால் அவரே பேசுவது நல்லது. எந்த நேரத்தில் அனுப்பினார், எவ்வளவு, பரிமாற்ற எண் என்ன, எந்த யூபிஐ முகவரிக்குப் போனது என்று கேட்பார்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் தகவல் போனால்தான் அதை நிறுத்திவைக்க வழி உண்டு. பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்து, அது தரும் எண்ணை எழுதி வையுங்கள். நம் கடிதத்தில் அது ஒரு வரியாக வரப்போகிறது.

அடுத்தது நீங்கள் அழித்த படங்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. உங்கள் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய பதிவுகள்தான் உங்கள் பக்கத்துச் சாட்சி. இந்தப் படம் போலிக் கணக்குக்கு முன்பே, இன்ன தேதியில், அத்தையின் அண்ணன் மகள் பக்கத்தில் வந்தது என்று காட்ட அதைவிட எளிய சான்று இல்லை. நல்ல வேளை, ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அழித்த பதிவுகள் 30 நாள் வரை தனியாகக் கிடக்கும், திரும்ப எடுக்கலாம். இன்றே மீட்டுவிடுங்கள். போலிக் கணக்கில் இருக்கும் படங்களுக்கு உரிய பதிவுகளை மட்டும், புகாருக்கு முடிவு வரும்வரை எல்லோரும் பார்க்கும்படி விடுங்கள். அந்தப் படங்கள் ஏற்கெனவே திருடு போனவைதான். மற்றக் குடும்பப் படங்களை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிவிடுங்கள்.

பதினேழு பேர் சொல்லியும் ஏன் கேட்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். ரிப்போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து ஒரு கணக்கை எடுப்பதில்லை. அப்படிச் செய்தால், பத்து பேர் சேர்ந்தால் யாருடைய கணக்கையும் மூடிவிடலாமே. தளத்தில் புகாரைப் பரிசீலிப்பவர் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: படத்தில் இருப்பவர் யார், இந்தக் கணக்கு அவருடையது இல்லை என்று அவரே சொல்கிறாரா? உங்கள் பதினேழு பேரில் படத்தில் இருக்கும் பெண்மணி யாரும் இல்லை. அவருக்கு என்று அசல் கணக்கும் இல்லாததால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. போதாததற்கு, போலி ஆளே அசல் ஆள் மீது "இது என் படம்" என்று புகார் கொடுப்பதும் உண்டு. அதனால் பரிசீலிப்பவர் உங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அத்தையின் கணக்கை மூடப் பார்க்கும் ஒரு கூட்டமாகக்கூட நீங்கள் பதினேழு பேரும் அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

சரி, யார் எழுதுவது? அத்தை பெயரில், அத்தை கையெழுத்தோடு போக வேண்டும். அனுப்பி வைப்பது நீங்களாக இருக்கலாம். தகவல் தொழில்நுட்ப இடைநிலையாளர் விதிகள், 2021 என்று ஒன்று இருக்கிறது. அதில் விதி 3(2)(b), மின்னணு வழியில் ஆள்மாறாட்டம் செய்யும் பதிவு பற்றி, பாதிக்கப்பட்டவரோ "அவர் சார்பில் வேறு ஒருவரோ" புகார் தரலாம் என்கிறது. புகார் வந்ததும் அந்தப் பதிவை எடுக்கத் தளம் ஆவன செய்ய வேண்டும். விதி வந்தபோது அதற்கு வைத்த கெடு 24 மணி நேரம். ஆகவே நீங்கள் எழுதினால் செல்லும். ஆனால் "நான் அவர் அண்ணன் மகள்" என்று சொன்னால் மட்டும் சார்பில் என்று ஆகாது. அத்தை உங்களை அனுப்பச் சொன்னார் என்பதற்கு ஒரு தாள் வேண்டும்.

இன்னொன்று. திரையில் மூன்று புள்ளியைத் தொட்டு அடிக்கும் ரிப்போர்ட் வேறு, இந்தக் கடிதம் வேறு. இது அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் போவது. அவர் பெயரையும் அவரை அணுகும் வழியையும் ஒவ்வொரு தளமும் தன் பக்கத்தில் வெளியிட்டாக வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளம் என்றால் அந்த அலுவலர் இந்தியாவிலேயே வசிப்பவராக இருக்க வேண்டும். உங்கள் புகாருக்கு ஒரு எண்ணும் தர வேண்டும். ரிப்போர்ட் பொத்தானில் நின்றுவிடுகிறவர்களுக்கு இந்த வாசல் இருப்பதே தெரிவதில்லை. தளத்தின் உதவிப் பக்கத்தில் போய் ஆள்மாறாட்டப் புகார்ப் படிவம் இருந்தால் அதையும் நிரப்புங்கள், குறைதீர் அலுவலருக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். கணக்கே இல்லாதவர்களும் நிரப்பும் வகையில் ஃபேஸ்புக் போன்ற தளங்களில் தனிப் படிவம் இருக்கிறது. அத்தைக்காகப் புதுக் கணக்கு எதுவும் தொடங்காதீர்கள். நேற்றுத் தொடங்கிய கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதுதான் போலி போல இருக்கும்.

கடிதத்துக்கு முன் சான்றுகளைச் சேர்க்க வேண்டும், அதுவும் கணக்கு உயிரோடு இருக்கும்போதே. போலிக் கணக்கின் முழு முகவரியை இணைய உலாவியில் திறந்து மேலே இருக்கும் பட்டையிலிருந்து அப்படியே நகல் எடுங்கள். பெயரைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்று எழுதினால் அதே பெயரில் எத்தனையோ பேர் வருவார்கள். ஃபேஸ்புக்கில் தனிப் பயனர்பெயர் வைக்காத கணக்கு என்றால் முகவரியில் `profile.php?id=` என்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட எண் இருக்கும். நாளைக்கே போலி ஆள் பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது. உங்களை அவன் பிளாக் செய்திருந்தால் கணக்கு போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்குத் தெரியாத ஒரு உறவினர் போனில் திறந்து பாருங்கள். பணம் கேட்ட உரையாடல்களை, கேட்கப்பட்டவர்களின் போனிலிருந்தே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாங்குங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி. அதுவரை அவனிடம் யாரும் சண்டைக்குப் போக வேண்டாம். திட்டினால் உடனே படத்தையும் பெயரையும் மாற்றிவிடுவான்.

இப்போது படங்கள். நீங்கள் இணைத்திருந்த இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். போலிக் கணக்கின் முகப்புப் படத்தில் அத்தை தனியாக நிற்கிறார், பின்னால் அண்ணா பூங்காவின் மலர்க் கண்காட்சி. அவர் இடது தோளைப் பாருங்கள். நான்கு விரல்களும் ஒரு சிவப்பு வளையலும் தெரிகின்றன, கைக்கு உரியவர் இல்லை. உங்கள் அசல் படத்தில் அந்தக் கை உங்களுடையது. நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள், உங்களுக்கு அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் வண்டியும் இருக்கிறது. அவன் உங்களை வெட்டிவிட்டு அத்தையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறான். பெரிய படத்திலிருந்து சின்னதை வெட்டலாம். சின்னதை வைத்துக்கொண்டு இந்தப் பெரிய படத்தைக் கொண்டுவந்து காட்ட அவனால் முடியாது. பரிசீலிப்பவருக்கு இதைவிடத் தெளிவாக எதுவும் வேண்டாம். இரண்டையும் ஒரே பக்கத்தில், இடது பக்கம் அசல், வலது பக்கம் நகல் என்று ஒட்டி, அந்த வளையல் கையைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். வாசலில் காப்பிக்கொட்டை காயவைத்திருக்கும் இரண்டாவது படத்துக்கும் அப்படியே. இரண்டு ஜோடி போதும், பன்னிரண்டு வேண்டாம்.

அசலை உங்கள் போன் கேமராவில் இருக்கும் கோப்பிலிருந்தே எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக ஒருமுறை போய் வந்தால் எடுத்த தேதி, போன் மாதிரி போன்ற விவரங்கள் உதிர்ந்துவிடும். கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்து, தேதி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். அதில் இடத்தைக் காட்டும் வரைபடம் வந்தால் அதை மறைத்துவிடுங்கள். அத்தை வீடு எங்கே என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அடையாள அட்டையில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். போலிக் கணக்கில் இருப்பது நீங்கள் படத்துக்குக் கீழே எழுதியிருந்த செல்லப் பெயர். அத்தையின் ஆதாரில் இருப்பது வேறு பெயர். நம் ஊரில் இது சாதாரணம். ஆனால் அட்டையையும் கணக்கையும் ஒப்பிடுகிறவர் "பெயர் பொருந்தவில்லை" என்று மூடிவிடுவார். சென்ற ஆண்டு ஓமலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் புகார் இதே காரணத்தால் இரண்டு முறை திரும்பி வந்தது. அவர்கள் எழுதிய கடிதம் மூன்று பக்கம். குடும்ப மானம், தூக்கம் போனது, பக்கத்து வீட்டில் பேசிக்கொள்வது என எல்லாம் இருந்தது, எல்லாம் உண்மையும்கூட. பெயர் ஏன் வேறு என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அந்த வரியைச் சேர்த்து, மூன்று பக்கத்தை முக்கால் பக்கமாக்கி மூன்றாம் முறை அனுப்பினோம். மறுநாள் கணக்கு போய்விட்டது.

ஆதார் அனுப்புவதானால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கி அனுப்புங்கள். வாக்காளர் அட்டையும் ஆகும். நகலின் குறுக்கே "போலிக் கணக்குப் புகாருக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள், முகமும் பெயரும் மறையாமல். இந்த ஞாயிற்றுக்கிழமை நாகலூருக்குப் போய் அத்தையோடு உட்கார்ந்து, அவர் கையால் நான்கு வரி எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி முகம் தெளிவாகத் தெரிய ஒரு படமும் எடுங்கள். அடையாள அட்டையைப் பிடித்தபடி வேண்டாம். அந்த மாதிரிப் படம் தவறான கைக்குப் போனால் அதை வைத்தே கடன் வாங்கிவிடுவார்கள். தாள் போதும்.

கடிதம் இப்படி இருக்கட்டும். தமிழிலேயே எழுதலாம். படிப்பவர் மொழிபெயர்ப்பில் படிக்க நேரலாம் என்பதால் வாக்கியங்களைச் சின்னதாக வைத்திருக்கிறேன். "அவர்" என்று வருகிற இடத்தில் யார் என்ற குழப்பம் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

> பொருள்: என் படங்களைப் பயன்படுத்தும் போலிக் கணக்கை நீக்கக் கோரிக்கை — விதி 3(2)(b), 2021
>
> குறைதீர் அலுவலருக்கு,
>
> என் பெயர் (ஆதாரில் உள்ளபடி). வயது 61. சேலம் மாவட்டம் ஏற்காட்டில் வசிக்கிறேன். உங்கள் தளத்தில் எனக்குக் கணக்கு இல்லை. எப்போதும் இருந்ததும் இல்லை.
>
> கீழே உள்ள முகவரியில் இருக்கும் கணக்கு என்னுடையது அல்ல. அதை நான் தொடங்கவில்லை. யாருக்கும் அனுமதி தரவில்லை.
> (போலிக் கணக்கின் முழு முகவரி)
>
> அந்தக் கணக்கில் உள்ள பெயர் என் வீட்டில் என்னை அழைக்கும் பெயர். என் அடையாள அட்டையில் உள்ள பெயர் வேறு. இரண்டு பெயரும் என்னையே குறிக்கும். அட்டையில் உள்ள முகமும் அந்தக் கணக்கில் உள்ள முகமும் என்னுடையவை.
>
> அந்தப் படங்களை எடுத்தவர் என் அண்ணன் மகள் (பெயர்). அவர் தன் பக்கத்தில் (தேதி) அன்று அவற்றை வெளியிட்டார். அந்தப் பதிவுகளின் முகவரி: (முகவரி 1), (முகவரி 2). இணைப்பு 1 மற்றும் 2-இல் அசல் படமும் நகல் படமும் பக்கம் பக்கமாக உள்ளன. நகல் படத்தில் என் தோளில் ஒரு கை தெரிகிறது. அசல் படத்தில் அந்தக் கைக்கு உரியவரும் இருக்கிறார்.
>
> அந்தக் கணக்கு என் உறவினர்களிடம் பணம் கேட்கிறது. உரையாடல்கள் இணைப்பு 3. சைபர் குற்றப் புகார் எண்: (எண்).
>
> என் கோரிக்கை இரண்டு. ஒன்று, அந்தக் கணக்கை முழுவதும் நீக்குங்கள்; படத்தை மட்டும் நீக்கினால் போதாது. இரண்டு, அதன் பதிவு விவரங்களை விசாரணைக்காக விதிப்படி பாதுகாத்து வையுங்கள்.
>
> என் சார்பில் இந்தக் கடிதத்தை அனுப்பவும் பதில் பெறவும் என் அண்ணன் மகளுக்கு அதிகாரம் தருகிறேன். என் கையெழுத்துக் கடிதம் இணைப்பு 4. அடையாள அட்டை இணைப்பு 5.
>
> (அத்தையின் கையெழுத்து, தேதி)
> அனுப்புபவர்: (உங்கள் பெயர், மின்னஞ்சல்)

இதில் "கணக்கை முழுவதும்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். படத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புகாரை முடித்துவிட்டால், அத்தை பெயரோடும் உறவினர் பட்டியலோடும் கணக்கு அப்படியே இருக்கும். அடுத்த நாள் ஒரு ரோஜாப் பூவை வைத்துக்கொண்டு மறுபடி பணம் கேட்பான். விவரங்களைப் பாதுகாக்கச் சொல்லும் வரிக்கும் காரணம் இருக்கிறது. கணக்கை எடுத்துவிட்டால் போலீசுக்கு ஒன்றும் கிடைக்காது என்று பலர் பயந்து புகாரையே தள்ளிப்போடுகிறார்கள். நீக்கிய தகவலையும் பதிவு விவரங்களையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் பதிவாகியிருப்பது பின்னால் விசாரணை அதிகாரிக்கு உதவும்.

எழுதாமல் விட்டதையும் பாருங்கள். தண்டனைச் சட்டப் பிரிவுகள் எதுவும் இல்லை. கணினி வழியில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66D பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அது காவல் நிலையத்தில் சொல்ல வேண்டியது. அதற்கு ஏற்காடு சேலம் மாவட்டக் காவல்துறைக்குக் கீழ் வருகிறது, அம்மாப்பேட்டை மாநகரக் காவல்துறைக்குக் கீழ் வருகிறது, இரண்டுக்கும் தனித்தனி சைபர் குற்றப் பிரிவு. அத்தையை அழைத்துக்கொண்டு எங்கே போவது என்று நீங்கள் அலைய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

படங்களை நீங்களே எடுத்திருந்தால் இன்னொரு வழியும் உங்கள் கையில் இருக்கிறது. எடுத்தவர் என்ற முறையில் பதிப்புரிமை உங்களுடையது. அந்தப் படிவத்தில் உங்கள் பெயரிலேயே தனிப் புகார் தரலாம், அத்தையின் கையெழுத்து தேவையில்லை. பூங்காவில் வேறு யாரிடமாவது போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால் அந்தப் படத்துக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். நீங்களும் படத்தில் இருப்பதால் முதல் படம் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. காப்பிக்கொட்டை படம் பொருந்தும். முதல் படத்தை வேறு யாரோ எடுத்திருந்தால் மேலே உள்ள கடிதத்திலும் "எடுத்தவர்" என்ற வரியை "வெளியிட்டவர்" என்று திருத்திக்கொள்ளுங்கள். கடிதத்தில் ஒரு சின்ன வாக்கியம் பொய்யானாலும் மற்றதையும் நம்ப மாட்டார்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பதிப்புரிமைப் புகாரில் நீங்கள் தரும் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகலாம். அதனால் இதற்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆள்மாறாட்டப் புகார் தோற்றால் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள், இதில் படம்தான் போகும், கணக்கு போகும் என்று சொல்ல முடியாது.

அனுப்பியதும் 24 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று ஒப்புகை வர வேண்டும். வந்த எண்ணைக் குறித்து வையுங்கள். கூடுதல் விவரம் கேட்டால் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே பதில் எழுதுங்கள். புதிதாக எழுதினால் புது எண் விழும், இணைப்புகள் பழைய எண்ணிலேயே தங்கிவிடும். மறுத்தால், அந்தப் பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு gac.gov.in வழியாக மேல்முறையீடு செய்யலாம். எல்லாமே இணையத்தில்தான், டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. அங்கே கேட்பது நீங்கள் அனுப்பிய கடிதமும் அவர்கள் தந்த பதிலும். அதனால் மறுப்பு மின்னஞ்சலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்.

கணக்கு போன பிறகும் ஒரு வாரம் அத்தை பெயரைத் தேடிப் பாருங்கள், செல்லப் பெயரையும் ஆதார்ப் பெயரையும். மறுபடி முளைத்தால் புதிய முகவரியை எடுத்து, பழைய புகார் எண்ணை முதல் வரியில் போட்டு, "அதே படங்கள், அதே ஆள்மாறாட்டம்" என்று மூன்று வரி எழுதினால் போதும். சான்றுகள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.